வீட்டுப் பக்கம் பாம்பு: தள்ளி நின்று பார்த்து, போனில் சரியாகச் சொல்வது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாம்பு பிடித்துக் காட்டில் விடும் குழு ஒன்றில் பல வருடமாகப் போன் எடுக்கும் வேலை என்னுடையது. பாம்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, எதிர்முனையில் பதற்றத்தோடு பேசுகிறவரின் வார்த்தையை வைத்து நான் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தை சரியாக வந்தால் யாரை அனுப்புவது, எவ்வளவு அவசரம், அதுவரை வீட்டுக்காரர் என்ன செய்யலாம் என்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் தெளிவாகிவிடும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டைச் சுற்றி வரும் பாம்புகளை மனதில் வைத்தே பதில்கள் இருக்கின்றன.

வாசல்ல பாம்பு கிடக்கு. நான் எவ்வளவு தள்ளி நிக்கணும்?

குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி. பெரும்பாலான பாம்புகள் பாய்ந்தால் தங்கள் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி தூரம்தான் எட்டும். நான்கடிப் பாம்புக்கு இரண்டடி என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எதற்குப் பன்னிரண்டு அடி? நீங்கள் போட்ட நீளக் கணக்கு தப்பாக இருக்கலாம். பாம்பு உங்கள் பக்கமாகவே நகரலாம். பயத்தில் பின்னால் எடுத்து வைக்கும் கால் தடுக்கலாம். இது மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தூரம்.

பாம்பு ஓடிப் போக நினைக்கும் வழியில் நிற்காதீர்கள். அநேகமாக அது சுவரோரம், செடி மறைவு, கால்வாய் ஓட்டை இப்படி ஏதாவது ஒன்றைத் தேடும். அதற்கு எதிர்ப் பக்கமாக, பின்னால் திறந்த இடம் இருக்கும்படி நில்லுங்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பாம்பின் மேல் கண் வைத்திருந்தால் போதும். பத்துப் பேர் சுற்றி நின்றால் பாம்பு மறைவிடம் தேடி ஓடும், எங்கே நுழைந்தது என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பாத்தப்ப ஆறடி இருக்கும் போல தெரிஞ்சுது. ஆனா வந்து பிடிச்சவங்க மூணடினு சொல்றாங்க. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பயத்தோடு பார்க்கிற கண்ணுக்குப் பாம்பு எப்போதும் நீளமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான். ஓடும் பாம்பு இன்னும் நீளமாகத் தெரியும், ஏனென்றால் தலை இருந்த இடத்தையும் வால் போய்ச் சேர்ந்த இடத்தையும் மனம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. அதனால் அடிக்கணக்கை யோசிக்காதீர்கள். பாம்பு எதன் பக்கத்தில் கிடக்கிறது என்று பாருங்கள்.

தரையில் டைல்ஸ் இருந்தால் வேலை சுலபம். தலை எந்த டைல்ஸில், வால் நுனி எந்த டைல்ஸில் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பூசாத செங்கல் சுவரோரம் கிடந்தால் கல்லை எண்ணுங்கள். செங்கல் ஒன்று ஏறக்குறைய ஒன்பது அங்குலம், நடுவில் கலவையையும் சேர்த்தால் ஒன்பதரை வரும். துணி துவைக்கும் கல், வாசல்படியின் அகலம், கழற்றிப் போட்ட செருப்பு என்று எது பக்கத்தில் இருந்தாலும் அதுவே உங்கள் அளவுகோல். "செருப்பு மாதிரி மூணு செருப்பு நீளம்" என்று ஒருவர் சொன்னால், "ஆறடி இருக்கும்" என்பதைவிட அதை நான் நம்புவேன். பாம்பு போன பிறகு, அல்லது பிடிபட்ட பிறகு, அந்தப் பொருளை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு முறை அளந்து பார்த்தவர் அடுத்த முறை ஆறடி என்று சொல்லவே மாட்டார்.

அளவுக்காகப் பாம்பின் பக்கத்தில் எதையும் கொண்டுபோய் வைக்க வேண்டாம். துடைப்பம், ஸ்கேல், நாணயம் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே அங்கே இருக்கும் பொருள் மட்டும் போதும்.

சுருண்டு கிடக்கு, நீளமே தெரியலை. அப்ப?

பருமனைச் சொல்லுங்கள். சுண்டுவிரலா, கட்டைவிரலா, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் பைப்பா, கைப்பிடியில் அடங்காத கனமா? சுருள் முழுவதும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலமா, தேங்காய் மூடி அகலமா? பருமனும் சுருளின் அகலமும் தெரிந்தால் பழகியவர்கள் நீளத்தை ஓரளவு ஊகித்துவிடுவார்கள். நீட்டிப் படுக்கட்டும் என்று கல்லை எறிவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். சுருண்டு அசையாமல் கிடக்கும் பாம்புதான் பிடிக்க வருகிறவருக்கு வசதி.

தலை முக்கோணமா இருந்தா விஷப் பாம்பு, உருண்டையா இருந்தா விஷமில்லாததுனு படிச்சேன். சரிதானே?

இல்லை. நம் ஊரில் இதை நம்புவது ஆபத்து.

வீட்டுப் பக்கம் வரும் நான்கு முக்கிய விஷப் பாம்புகளில் கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் மட்டும்தான் அகன்ற முக்கோணத் தலை. நல்ல பாம்பின் தலை நீள்வட்டமாக, கழுத்தைவிடக் கொஞ்சம் மட்டும் அகலமாக இருக்கும். கட்டுவிரியனுக்கோ தலை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. சின்னதாக, மொழுக்கென்று, உடம்பின் தொடர்ச்சி போலவே இருக்கும். முக்கோண விதியை நம்பி "இது சாதுவான தலை" என்று ஒருவர் பக்கத்தில் போகக்கூடிய பாம்பு இதுதான். இது கடித்தால் பெரும்பாலும் வலிகூடத் தெரியாது.

மறுபக்கமும் இருக்கிறது. மலைப்பாம்புக் குட்டிக்கும் பூனைப் பாம்புக்கும் தலை கழுத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும். தண்ணீர்ப் பாம்பு மிரண்டால் தலையைத் தட்டையாக்கிக்கொள்ளும், அப்போது அதுவும் முக்கோணமாகத்தான் தெரியும். பயந்த பாம்பின் தலை வேறு, படுத்திருக்கும் பாம்பின் தலை வேறு.

இன்னொன்று, தலையைச் சரியாகப் பார்க்கத்தான் ஆட்கள் கிட்டே போகிறார்கள். கடிக்கிற பகுதிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகிறார்கள். அதனால் நான் வைத்திருக்கும் வரிசை இதுதான்: முதலில் நீளமும் பருமனும், அடுத்து உடம்பின் கோலம், கடைசியில் தலை. அதுவும் நின்ற இடத்திலிருந்து தெரிந்தால் மட்டும். "தலை சரியா தெரியலை" என்று சொன்னால் நான் குறையாக நினைக்க மாட்டேன். தலையைச் சொல்லும்போதும் முக்கோணம், வட்டம் என்று சொல்லாதீர்கள். "கழுத்து மெலிசா இருக்கு, தலை தனியா பிதுங்கித் தெரியுது" அல்லது "கழுத்தும் தலையும் ஒரே அகலம்" என்று சொல்லுங்கள். அது பயன்படும்.

கறுப்பு உடம்புல வெள்ளைப் பட்டை. கட்டுவிரியனா, இல்லை அந்தச் சுவரேறுற பாம்பா?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். இதில்தான் தப்பும் அதிகம். கட்டுவிரியனோடு குழம்புவது வெள்ளிக்கோல் வரையன். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வார்கள். விஷமில்லாதது. பல்லி தேடிச் சுவரேறும், கதவு நிலை, மீட்டர் பெட்டி, குளியலறை என்று எங்கும் நுழையும். இரண்டும் இரவில்தான் நடமாடும். இரண்டுக்கும் பட்டை உண்டு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் கறுப்பாகவே தெரியும்.

பட்டை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். கட்டுவிரியனுக்குத் தலையை ஒட்டிப் பட்டை இருக்காது, இருந்தாலும் மங்கலாக, புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். வளர்ந்த பாம்பில் தலையிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பட்டை தெளிவாகத் தெரியத் தொடங்கும். அங்கிருந்து வால் நுனி வரை போகும், போகப் போக இன்னும் தெளிவாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர்மாறு. கழுத்திலேயே முதல் பட்டை, அதுவே அகலமானது. வால் பக்கம் போகப் போக மங்கிக் கடைசியில் காணாமலே போய்விடும்.

பட்டையின் வடிவமும் வேறு. கட்டுவிரியனின் பட்டை பேனா வைத்துக் கோடு போட்ட மாதிரி மெல்லியது. பெரும்பாலும் இரண்டிரண்டு கோடாக ஜோடி சேர்ந்திருக்கும். மற்றதின் பட்டை தனித்தனியாக இருக்கும், பக்கவாட்டில் இறங்கும்போது கிளை பிரிந்து விரியும். உடம்பின் நிறமும் ஒரு துப்பு: கட்டுவிரியன் எண்ணெய் தடவியது போல நீலங்கலந்த கறுப்பில் மினுங்கும், வெள்ளிக்கோல் வரையன் பெரும்பாலும் பழுப்பு. ஆனால் இரவில் நிறத்தை நம்பாதீர்கள். நனைந்த தரையில் பழுப்புகூடக் கறுப்பாகத் தெரியும்.

நீளமும் உதவும். வெள்ளிக்கோல் வரையன் வழக்கமாக ஒன்றரை அடி, இரண்டடியைத் தாண்டுவது குறைவு. வளர்ந்த கட்டுவிரியன் மூன்றடி, அதற்கு மேலும் போகும். ஆனால் ஒரே திசையில்தான் உதவும். மூன்றரை அடிப் பட்டைப் பாம்பு என்றால் கட்டுவிரியன் பக்கம் சாயலாம். ஒன்றரை அடி என்பதற்காக வெள்ளிக்கோல் என்று சொல்லிவிட முடியாது, அது கட்டுவிரியன் குட்டியாக இருக்கலாம். குட்டியில் பட்டை தலைக்குப் பக்கத்திலிருந்தே தெளிவாக இருப்பதும் உண்டு.

கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். அதை நீங்கள் பார்க்க வேண்டாம். தெளிவான படத்தைப் பெரிதாக்கி நாங்கள் பார்த்துக்கொள்வோம். படம் பார்த்துத் தெரிந்தவர் சொல்லும் வரை பட்டை போட்ட எந்தப் பாம்பும் கட்டுவிரியன்தான் என்று வைத்து நடந்துகொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் வட்ட வட்டமா இருக்கு. மலைப்பாம்புக் குட்டினு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றார், கையில எடுக்கலாமாம்.

அவரைத் தடுத்து நிறுத்துங்கள். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி, மண்ணுளி என்று நினைத்துத் தூக்கிக் கடி வாங்கியவர்கள் உண்டு.

கண்ணாடி விரியனின் முதுகில் வட்டங்கள் மூன்று வரிசையாக ஓடும். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் பழுப்பு நிற நீள்வட்டம், சுற்றிலும் கறுப்பு விளிம்பு. நடு வரிசை வட்டங்கள் ஒன்றோடொன்று தொட்டுச் சங்கிலி கோத்தது போலத் தெரியும். ஒரே அளவாக, ஒழுங்காக இருப்பதுதான் இதன் அடையாளம். மலைப்பாம்பின் முதுகில் இந்த ஒழுங்கு இருக்காது. தேசப்படம் போலப் பெரியதும் சிறியதுமாகக் கோணல் மாணலான திட்டுகள் இருக்கும். மண்ணுளியின் திட்டுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி முதுகு நடுவில் வளைந்து வளைந்து ஓடும். அதோடு அது குட்டை, வால் மழுங்கி முடிந்திருக்கும், கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது.

இங்கே தலை உதவும். கண்ணாடி விரியனுக்குக் கழுத்து மெலிந்து தலை அகன்று தனியாகத் தெரியும். ஆனால் மலைப்பாம்புக்கும் தலை தனியாகத்தான் தெரியும் என்பதால், கோலத்தைப் பார்த்த பிறகுதான் தலைக்கு வர வேண்டும். சத்தமும் ஒரு துப்பு. கண்ணாடி விரியன் மிரண்டால் குக்கரில் ஆவி போவது போல நீளமாக, உரக்கச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் கோலம், தலை எதையும் பார்க்க வேண்டாம், பின்வாங்குங்கள். வைக்கோல் போர், தேங்காய் மட்டைக் குவியல், காய்ந்த இலைச் சருகு இவற்றில் அது கிடந்தால் நிறமே தெரியாது. "சருகுக்குள்ள என்னமோ சீறுது" என்பதுகூட எனக்குப் போதுமான தகவல்.

படம் எடுக்கவே இல்லை. அப்ப அது சாரைதானே?

நல்ல பாம்பு தன் வழியில் போகும்போது படம் எடுத்துக்கொண்டு போகாது. மிரண்டால்தான் எடுக்கும். படம் எடுக்காத நல்ல பாம்பு பார்வைக்குப் பழுப்போ கருப்போ கோதுமை நிறமோ உள்ள சாதாரணப் பாம்பாகத்தான் இருக்கும். படம் எடுக்குதா என்று பார்க்க அதைச் சீண்டவும் வேண்டாம்.

சாரை நீளம். ஆறடி, ஏழடிச் சாரை நம் ஊரில் சாதாரணம். நல்ல பாம்பு பெரும்பாலும் மூன்றரையிலிருந்து ஐந்தடி. சாரைக்குப் பெரிய உருண்டைக் கண், மெலிந்த கழுத்து, உதட்டில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள். உடம்பின் பின்பாதியில் கறுப்பு வரிகள் குறுக்கே ஓடும். விரட்டினால் அம்பு மாதிரி போய்விடும். உதட்டுக் கோடு போட்டோவில் நன்றாகத் தெரியும், கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மூலையில் மாட்டிக்கொண்ட சாரையும் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும். அதைப் பார்த்து "படம் எடுத்துச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. படம் பக்கவாட்டில் விசிறி போல அகன்றதா, கழுத்து மட்டும் தொண்டைப் பக்கம் உப்பியதா என்று நான் கேட்பது அதற்காகத்தான். சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்று சொல்வதை நம்பாதீர்கள். அவை இரண்டும் வேறு வேறு இனம்.

ஒரு அடிகூட இல்லை. குட்டிப் பாம்புதானே, கூட்டித் தள்ளிடவா?

வேண்டாம். சுருட்டை விரியன் வளர்ந்தாலே நம் பக்கம் ஒன்றேகால் அடி, ஒன்றரை அடிதான். உடம்பு சொரசொரப்பு, பக்கவாட்டில் அலை அலையாக வெள்ளைக் கோடு, தலையில் பறவையின் கால் தடம் போல ஒரு குறி. மிரண்டால் வளைந்து வளைந்து உடம்பை உடம்போடு தேய்த்து, மரம் அறுக்கும் சத்தம் எழுப்பும். கல்லும் முள்ளுமான வறண்ட பகுதியில் வீடு இருந்தால் ஓரடிப் பாம்பை முதலில் இதுவாகத்தான் நினைக்க வேண்டும். தவிர, நல்ல பாம்புக் குட்டிக்கும் கட்டுவிரியன் குட்டிக்கும் முட்டையிலிருந்து வெளிவரும்போதே விஷம் உண்டு.

போட்டோ எப்படி எடுத்தா உங்களுக்குப் பயன்படும்?

நின்ற இடத்திலிருந்து, இரண்டு மடங்கு மட்டும் ஜூம் வைத்து, முழு உடம்பும் விழும்படி ஒன்று எடுங்கள். அப்புறம் பத்து வினாடி வீடியோ. வீடியோதான் நல்லது, ஏதோ ஒரு நொடியில் கழுத்தும் பட்டை ஆரம்பிக்கும் இடமும் தெரிந்துவிடும். கடைசி வரை ஜூம் செய்தால் பட்டை எல்லாம் கரைந்து மங்கலான கயிறாகத்தான் வரும்.

இரவில் பிளாஷ் போட்டால் மினுமினுப்பான செதிலில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, இல்லாத வெள்ளைப் பட்டை தெரியும். அப்படி ஒரு சாதாரணத் தண்ணீர்ப் பாம்பைக் கட்டுவிரியன் என்று நானே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். வேறொருவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடிக்க, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். படத்தை வெட்டாமல் அனுப்புங்கள். சுற்றியுள்ள டைல்ஸும் படியும்தான் எனக்கு அளவு காட்டும்.

போன்ல என்ன சொல்லணும்? பாம்பு பேர் எனக்குத் தெரியாதே.

பேர் தெரியாததே நல்லது. விரியன் என்ற ஒரே பேரை ஊருக்கு ஊர் வேறு வேறு பாம்புக்கு வைத்திருக்கிறார்கள். பேர் சொன்னவுடன் மனம் அதற்கேற்ற மாதிரி மற்றதையும் பார்க்கத் தொடங்கிவிடும். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்.

ஒரு உரையாடலை அப்படியே எழுதுகிறேன். மழை விட்ட ஒரு ராத்திரி, பத்து மணி இருக்கும். ஒரு அம்மா பேசினார்.

"தம்பி, அந்தப் பல்லி திங்கிற பாம்புதான். போன மாசமும் வந்துச்சு. அதைத் தூக்கிப் போட ஆள் வேணும், அவ்வளவுதான்."

"சரிங்கம்மா. இப்ப அது எங்க இருக்கு?"

"பின்னாடி காம்பவுண்டு சுவரோரமா தரையில."

"சுவர் பூசியிருக்கா?"

"இல்ல, செங்கல்தான்."

"தலையிலேருந்து வால் வரைக்கும் எத்தனை கல் வருதுன்னு நின்ன இடத்துலேருந்தே எண்ணிச் சொல்றீங்களா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நாலு கல்லு… நாலரை வரும்."

நாலரைக் கல், கல்லுக்கு ஒன்பதரை அங்குலம். ஏறக்குறைய நாற்பத்துமூன்று அங்குலம், மூன்றரை அடி. பல்லி தின்னும் பாம்பு இந்த நீளம் வராது.

"பட்டை தலைகிட்டயிருந்தே இருக்காம்மா?"

"தலைகிட்ட வெறும் கறுப்பு. ஒரு சாண் தள்ளித்தான் வெள்ளைக் கோடு வருது."

"வால் பக்கம்?"

"வால்லதான் நல்லா தெரியுது. ரெண்டு ரெண்டு கோடா இருக்கு."

அதற்கு மேல் நான் தலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. எல்லோரையும் உள்ளே போகச் சொன்னேன். பின்கதவின் அடி இடுக்கில் ஈரச் சாக்கைத் திணிக்கச் சொன்னேன். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பேரனைக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னேன். கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் தரையில் தூங்குகிறவர்களைத்தான். எங்கள் ஆள் போய்ப் பிடித்தபோது அது வளர்ந்த கட்டுவிரியன். போன மாதம் வந்தது வெள்ளிக்கோல் வரையனாகவே இருந்திருக்கலாம். அந்த அம்மா பொய் சொல்லவில்லை, பழைய பாம்பின் பேரைப் புதிய பாம்புக்கு வைத்தார், அவ்வளவுதான்.

நீங்கள் போன் செய்யும்போதும் இதே வரிசை போதும்: எந்த இடத்தில், எத்தனை கல் அல்லது டைல்ஸ் நீளம், எவ்வளவு பருமன், பட்டையா வட்டமா ஒரே நிறமா, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது. பாம்பு பிடிப்பவர் எண் கையில் இல்லை என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் கூப்பிடுங்கள்.

வால் மட்டும்தான் பாத்தேன், ஓட்டைக்குள்ள போயிடுச்சு.

வாலும் பேசும். வால் நுனி வரை ஜோடி வெள்ளைக் கோடு தெரிந்ததா? சாட்டை போல நீண்டு மெலிந்ததா? குட்டையாகச் சட்டென்று முடிந்ததா? பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பார்க்காத தலையைச் சேர்க்காதீர்கள். ஓட்டையில் கையோ குச்சியோ விட வேண்டாம். சட்டை உரித்துப் போட்டிருந்தால் அது நல்ல தடயம், செதில் வரிசையை அதிலேயே பார்க்கலாம். ஆனால் சட்டை நீண்டுகொடுக்கும், பாம்பைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அதை அளந்து பாம்பின் நீளம் என்று சொல்லாதீர்கள்.

கடிச்சிடுச்சுனா, பாம்பை அடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாத்தானே டாக்டர் மருந்து போடுவார்?

பாம்பு தேவையில்லை. இந்தியாவில் போடப்படும் பாம்புக்கடி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். மருத்துவர் உடம்பின் அறிகுறியைப் பார்ப்பார். இமை தானாக இறங்குகிறதா, ரத்தம் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்து முடிவெடுப்பார். அடிக்கப் போனால் இரண்டாவது ஆளுக்கும் கடி விழும். செத்த பாம்பின் தலைகூட நெடுநேரம் வரை கடிக்கும்.

108-ஐக் கூப்பிடுங்கள், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வையுங்கள், கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். தூரத்திலிருந்து எடுத்த படம் ஏற்கெனவே போனில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லை என்றால் அதற்காக ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அங்கே இருக்கும் குழிவிரியன் வகைகளின் விஷம் இந்த மருந்தில் அடங்காது. அதனால் காப்பித் தோட்டத்திலோ ஏலத் தோட்டத்திலோ கடி வாங்கியிருந்தால், எந்த இடத்தில், செடியிலா தரையிலா, என்ன நிறம், எத்தனை சாண் நீளம் என்று பார்த்தவர் கூடவே போய் மருத்துவரிடம் சொல்வது நல்லது.